வேலை கிடைத்தது; சேரும் தேதிதான் இடிக்கிறது!

வேலை கிடைப்பது ஒரு பாடு என்றால், கிடைத்த வேலையில் என்றைக்குப் போய்ச் சேருவது என்பது இன்னொரு பாடு. தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வந்து, தாதரில் வண்டி மாறி ஆபீசுக்குப் போகும் நம்மவர்கள் பலருக்கு இந்தச் சங்கடம் பழக்கமானதுதான். புதிய கம்பெனி ‘1-ம் தேதி வந்து சேர்’ என்கிறது. பழைய கம்பெனி ‘இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போ’ என்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டவர், தேதியைத் தள்ளிக் கேட்டால் கைக்கு வந்த வேலை போய்விடுமோ என்று பயந்து வாயைத் திறக்காமல் இருக்கிறார். சேரவேண்டிய நாளுக்கு நாலு நாள் இருக்கும்போது, வேறு வழியில்லாமல் கேட்கிறார். காரியம் கெடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

இத்தனைக்கும் சேரும் தேதியைத் தள்ளிக் கேட்பது வேலைச் சந்தையில் அன்றாடம் நடக்கிற ஒன்று. ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பவர்களுக்கு இது புதிதே அல்ல. கேட்பவர் எப்போது கேட்டார், எந்தத் தேதியைச் சொன்னார், எதைக் காட்டிக் கேட்டார் என்பதை வைத்தே அவர்கள் ஆளை எடை போடுகிறார்கள்.

எதிர்த் தரப்பின் பயம்

முதலில் புதிய முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். ஓர் இடத்துக்கு ஆள் எடுக்கும்போது, தேர்வானவருக்கு அடுத்தபடியாக ஒருவரையாவது மனதில் வைத்திருப்பார்கள். தேர்வானவர் ஒப்புக்கொண்டதும் அந்த இரண்டாமவருக்குப் ‘பிறகு பார்க்கலாம்’ என்று பதில் போய்விடும். ஒப்புக்கொண்டவர் கடைசி நேரத்தில் வராமல் போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இரண்டாமவர் அதற்குள் வேறெங்காவது சேர்ந்திருப்பார்.

ஆகவே ‘கொஞ்சம் டைம் வேண்டும்’ என்று ஒருவர் கேட்டவுடன், ஆபீசில் இரண்டு சந்தேகங்கள் எழுகின்றன. ஒன்று, இவர் கையில் இன்னொரு ஆபர் இருக்கிறது; இதை வைத்துக்கொண்டு அங்கே பேரம் பேசுகிறார். இரண்டு, பழைய கம்பெனியில் சம்பளத்தைக் கூட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இவர் அங்கேயே நின்றுவிடுவார். இந்த இரண்டில் ஒன்றும் இல்லை என்பது கேட்பவருக்குத் தெரியும், கேட்கப்படுபவருக்குத் தெரியாது. ‘என்னை நம்புங்கள்’ என்று சொல்வதால் அந்தச் சந்தேகம் தீராது. சரிபார்க்கக்கூடிய ஒரு காரணமும், இனி மாறாத ஒரு தேதியும் இருந்தால் தீரும்.

‘சொந்தக் காரணங்களால்’ என்று எழுதுவது நம்மவர்களிடம் ஒரு பழக்கம். லீவு லெட்டருக்கு அது போதும். புதிய முதலாளிக்கு அது எதையும் சொல்வதில்லை. மேலே சொன்ன இரண்டு சந்தேகங்களையும் கிளப்பிவிடுகிறது. அதேபோல் இல்லாத பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று எழுதுவதும் வேண்டாத வேலை. சேர்ந்த பிறகு அதே ஆபீசில் தானே வருடக்கணக்கில் உட்காரவேண்டும்?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

முருகன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். வயது 28. தாதர் மேற்கில் ஒரு மொத்த வியாபாரக் கம்பெனியில் கணக்குக் குமாஸ்தா. சம்பளம் மாதம் 24,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 12,000. லோயர் பரேலில் ஒரு கம்பெனி இவரைத் தேர்ந்தெடுத்து, ஜூன் 4-ம் தேதி வியாழக்கிழமை ஆபர் லெட்டரை மெயிலில் அனுப்புகிறது. ஜூலை 1-ம் தேதி சேரவேண்டும். ஜூன் 11-ம் தேதிக்குள் சம்மதத்தைக் கையெழுத்திட்டு அனுப்பவேண்டும். தவறினால் ஆபர் தானாக ரத்தாகும் என்று அதில் எழுதியிருக்கிறது.

முருகன் முதலில் செய்யவேண்டியது, பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய அப்பாயிண்ட்மெண்ட் லெட்டரை எடுத்துப் படிப்பது. நோட்டீஸ் ‘ஒரு மாதம்தான் இருக்கும்’ என்று நினைத்திருந்தவர்கள், லெட்டரைப் பிரித்ததும் 60 நாள், 90 நாள் என்று பார்த்துத் திகைப்பதுண்டு. சேரும்போது ஒரு மாதமாக இருந்து, வேலை நிரந்தரமான பிறகு இரண்டு மாதமாக மாறும்படியும் சில லெட்டர்களில் எழுதியிருக்கும். நாள் என்றால் ஞாயிறும் சேர்ந்த நாளா, வேலை நாள் மட்டுமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முருகன் லெட்டரில் வெறும் ‘60 நாட்கள்’ என்று இருக்கிறது. ஆகவே ஞாயிறும் லீவு நாளும் கணக்கில் சேரும்.

ஜூன் 8-ம் தேதி திங்கட்கிழமை ராஜினாமா கொடுத்தால், மறுநாள் 9-ம் தேதி முதல் நாள். ஜூனில் 22 நாள், ஜூலையில் 31 நாள், ஆக 53. மீதி 7 நாள் ஆகஸ்டில். ஆகஸ்ட் 7, வெள்ளிக்கிழமை, கடைசி நாள். ஆகஸ்ட் 10, திங்கட்கிழமை, புதிய இடத்தில் சேரலாம். ஜூலை 1-லிருந்து எண்ணினால் 40 நாள் தள்ளிக் கேட்கவேண்டியிருக்கிறது.

40 நாள் என்றதும் முருகனுக்கு நெஞ்சு படபடக்கும். ‘முதலில் 15 நாள் கேட்போம், அப்புறம் சமாளித்துக்கொள்ளலாம்’ என்று தோன்றும். அதைத்தான் செய்யக்கூடாது. 15 நாள் கேட்டவர் ஜூலை நடுவில் மறுபடியும் 25 நாள் கேட்கப் போய் நின்றால், புதிய ஆபீசின் இரண்டு சந்தேகங்களும் உறுதியாகிவிடும். ஒரே தடவையில் 40 நாளைக் கேட்டவர், பழைய கம்பெனி கொஞ்சம் முன்னதாக விட்டுவிட்டால், ‘நான் ஒரு வாரம் முன்பே வந்துவிடுகிறேன்’ என்று சொல்லலாம். முன்னால் வருகிற ஆளை யாரும் குறை சொல்வதில்லை. ஆகவே கடைசிக் கெடு எதுவோ அதையே கேட்கவேண்டும்.

நாற்பது நாளைக் குறைக்க வழி உண்டா என்பதையும், கேட்பதற்கு முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டும். எதிரில் இருப்பவர் அடுத்து கேட்கப்போவது அதைத்தான். பழைய லெட்டரில் ‘அல்லது அதற்கு ஈடான சம்பளம்’ என்று ஒரு வரி இருந்தால், மீதி நாளுக்குப் பணம் கட்டிவிட்டு வரலாம். முருகன் 20 நாளுக்குக் கட்டுவதாக வைத்துக்கொண்டால், முழுச் சம்பளக் கணக்கில் நாளுக்கு 800 ரூபாய் வீதம் 16,000. அடிப்படைச் சம்பளக் கணக்கில் நாளுக்கு 400 வீதம் 8,000. எந்தக் கணக்கு என்பது லெட்டரில் இருக்கும். சில கம்பெனிகள் ‘பணம் வேண்டாம், ஆள்தான் வேண்டும்’ என்று சொல்ல உரிமை வைத்திருக்கும். சில புதிய கம்பெனிகள் அவசரமாக ஆள் தேவைப்பட்டால் இந்தப் பணத்தைத் தாங்களே ஈடு செய்வதும் உண்டு. ஆனால் அது அவர்களாகச் சொல்லவேண்டியது. முதல் பேச்சிலேயே வேலைக்கு வரப்போகிறவர் வாயிலிருந்து வந்தால் நன்றாக இராது.

யாரிடம், எப்படி?

கணக்கு கையில் வந்துவிட்டது. இனி தாமதிக்கக்கூடாது. ஆபர் வந்த மறுநாளே, அதாவது ஜூன் 5-ம் தேதி வெள்ளிக்கிழமையே, லெட்டரை அனுப்பிய எச்.ஆர். பிரிவுக்காரருக்கு முருகன் போன் செய்யவேண்டும். மெயில் மட்டும் போட்டால் அது குளிர்ந்த சோறு மாதிரி. வரிகளுக்கு நடுவில் இல்லாததையெல்லாம் படிப்பவர் கற்பனை செய்துகொள்வார். குரலைக் கேட்டால் அந்த ஐயம் பாதி குறையும்.

“மேடம், உங்கள் லெட்டர் கிடைத்தது. ரொம்பச் சந்தோஷம். சம்பளம், வேலை எல்லாம் எனக்குச் சம்மதம். ஒரே ஒரு விஷயம். என் இப்போதைய வேலையில் 60 நாள் நோட்டீஸ். திங்கட்கிழமை ராஜினாமா கொடுத்தால் ஆகஸ்ட் 7 கடைசி நாள். ஆகஸ்ட் 10 திங்கட்கிழமை காலையில் நான் உங்கள் ஆபீசில் இருப்பேன். அந்தத் தேதியைப் போட்டு லெட்டரை மாற்றித் தர முடியுமா?”

இந்தியிலோ ஆங்கிலத்திலோ இவ்வளவுதான் பேசவேண்டும். சந்தோஷமும் சம்மதமும் முதலில் வந்துவிட்டன, காரணம் ஒன்றுதான், தேதி கிழமையோடு வந்துவிட்டது. ‘முடிந்தால்’, ‘ஏறக்குறைய’, ‘ஆகஸ்டில் எப்போதாவது’ என்ற சொற்கள் இல்லை. பத்துத் தடவை மன்னிப்புக் கேட்பதும் இல்லை. நோட்டீஸ் காலத்தை ஒழுங்காக முடித்துவிட்டு வருகிறவர், நாளை தங்களையும் அப்படித்தான் நடத்துவார் என்று புதிய முதலாளியும் நினைப்பார்.

“வேறு ஆபர் எதுவும் இருக்கிறதா?” என்று அந்த அம்மாள் திருப்பிக் கேட்கலாம். கேட்டால் கோபப்படக்கூடாது. இல்லை என்றால் இல்லை என்று உடனே சொல்லவேண்டும். “கொஞ்சம் முன்னால் வரமுடியாதா?” என்று கேட்டால், “எங்கள் மேனேஜரிடம் கேட்டுப் பார்க்கிறேன். விட்டால் முன்பே வருகிறேன். விடாவிட்டாலும் 10-ம் தேதியைத் தாண்டமாட்டேன்” என்பதே பதில். ‘கட்டாயம் முன்னால் வந்துவிடுகிறேன்’ என்று வாய் தவறியும் வாக்குக் கொடுக்கக்கூடாது. அது பழைய மேனேஜரின் கையில் இருக்கிற விஷயம்.

போன் வைத்த கையோடு, அதே நாளில் மெயில் போகவேண்டும். நேர்காணலில் பேசிய மேனேஜருக்கும் ஒரு நகல். மெயில் ஆங்கிலத்தில்தான் போகும். அதன் சாரம் இப்படி இருக்கலாம்:

“உங்கள் 4-ம் தேதி லெட்டருக்கு நன்றி. இந்த வேலையில் சேர ஆவலாக இருக்கிறேன். சற்று முன் போனில் பேசியபடி, என் இப்போதைய வேலையில் 60 நாள் நோட்டீஸ் தரவேண்டியிருக்கிறது. அந்தப் பக்கத்தின் நகலை இணைத்துள்ளேன். சேரும் தேதியை ஜூலை 1-லிருந்து ஆகஸ்ட் 10-க்கு மாற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். திருத்திய லெட்டர் கிடைத்த அன்றே கையெழுத்திட்டு அனுப்புகிறேன். அன்றே ராஜினாமா கொடுத்து, அது பெறப்பட்டதற்கான அத்தாட்சியையும் அனுப்பிவைக்கிறேன்.”

கடைசி வாக்கியத்துக்குத்தான் கனம் அதிகம். பழைய கம்பெனியில் ராஜினாமா கொடுத்த அத்தாட்சியைக் காட்டுகிறேன் என்று சொல்பவர் அங்கே பேரம் பேசிக்கொண்டிருக்க முடியாது. லெட்டரின் நகலை இணைக்கும்போது நோட்டீஸ் பகுதி உள்ள பக்கம் மட்டும் போதும். சம்பள விவரமும் கம்பெனி ரகசியமும் உள்ள பக்கங்களை அனுப்பவேண்டிய அவசியம் இல்லை.

சட்டம் இங்கே எங்கே வருகிறது?

வார்த்தையில் ஒரு நுணுக்கம் உண்டு. 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 7-வது பிரிவு, ஒருவர் முன்வைத்ததை ஏற்றுக்கொள்வதென்றால் நிபந்தனை இல்லாமல் முழுமையாக ஏற்றுக்கொள்ளவேண்டும் என்கிறது. ‘ஆகஸ்ட் 10 என்றால்தான் வருவேன்’ என்று எழுதினால் அது ஏற்பு ஆகாது. புதிதாக ஒரு பேரம் பேசுவதாகிவிடும். அப்போது கம்பெனி தன் பழைய ஆபருக்குக் கட்டுப்பட்டதல்ல என்று சொல்ல இடம் உண்டு. ‘மாற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதினால் அது வெறும் விண்ணப்பம்; ஆபர் அதன்பாட்டுக்கு நிற்கும்.

அதே சட்டத்தின் 6-வது பிரிவுப்படி, குறித்த கெடு கடந்துபோனால் ஆபரும் போய்விடும். ஆகவே முருகன் ஜூன் 11-ம் தேதியைக் கண்ணிலிருந்து விடக்கூடாது. செவ்வாய்க்கிழமை 9-ம் தேதி வரை பதில் வராவிட்டால் மறுபடி போன் செய்து, சேரும் தேதிக்குப் பதில் வர நாளாகுமானால் சம்மதம் அனுப்பும் கெடுவையாவது ஒரு வாரம் நீட்டி மெயில் போடும்படி கேட்கவேண்டும். ‘பேசிக்கொண்டிருந்தோமே’ என்று 12-ம் தேதி சொல்லிப் பயனில்லை.

இதில் நம்மவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. போனில் ‘சரி, பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொன்னதை நம்பி, பழைய இடத்தில் ராஜினாமாவை நீட்டிவிடுகிறார்கள். போனில் சொன்னவர் ஜூலையில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால், கையில் இருக்கிற லெட்டரில் ஜூலை 1 என்றுதான் இருக்கும். திருத்திய தேதியோடு லெட்டரோ, ‘தேதி மாற்றப்பட்டது’ என்று கம்பெனியின் மெயிலோ வரும்வரை ராஜினாமா கொடுக்கக்கூடாது. இதனால் இரண்டு மூன்று நாள் நழுவும். கடைசி நாளும் அதே அளவு நகரும். வெள்ளிக்கிழமையே போனில் பேசிவிட வேண்டும் என்று சொன்னது இதற்காகவும்தான். பதில் வர 10-ம் தேதி ஆகும் போலிருந்தால், கேட்கும் தேதியையே ஆகஸ்ட் 17 என்று வைத்துக்கொள்வது நல்லது. 10-ம் தேதி கேட்டுவிட்டு மறுபடி 12 என்று மாற்றுவதைவிட அது மேல்.

கம்பெனி ‘முடியாது, ஜூலை 1 தான்’ என்று சொன்னால்? அப்போதுதான் பணம் கட்டும் கணக்கையும், பழைய மேனேஜரிடம் பேசுவதையும் எடுக்கவேண்டும். பழைய வேலையை முடிக்காமல், ரிலீவிங் லெட்டர் இல்லாமல் ஓடிவருவது மட்டும் கூடாது. புதிய கம்பெனிகள் சேரும் நாளிலோ சில நாளிலோ அந்த லெட்டரைக் கேட்கும். பழைய கம்பெனியின் கடைசி நாளும் புதிய கம்பெனியின் முதல் நாளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், பி.எப். கணக்கிலும் ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் வேலை செய்ததாகத் தெரியும்.

லெட்டர் மாறி வந்த பிறகு இரண்டு மாதம் ஊமையாக இருந்துவிடக்கூடாது. ராஜினாமா அத்தாட்சியை அனுப்புவது ஒன்று. ஜூலை நடுவில் ‘ஒப்படைப்பு வேலைகள் நடக்கின்றன, 10-ம் தேதியில் மாற்றமில்லை’ என்று ஒரு வரி. கடைசி வாரத்தில் எத்தனை மணிக்கு, எந்தக் காகிதங்களோடு வரவேண்டும் என்று ஒரு கேள்வி. இவ்வளவு போதும், வாரா வாரம் தொந்தரவு செய்யவேண்டியதில்லை. அதற்குள் கம்பெனி சான்றிதழ்களையும் பழைய விலாசத்தையும் சரிபார்க்க ஆரம்பித்துவிட்டால், காத்திருக்க முடிவு செய்துவிட்டார்கள் என்று அர்த்தம். இரண்டு மெயிலுக்கும் பதில் இல்லை, போனும் எடுக்கவில்லை என்றால் ஏதோ கோளாறு. நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும்.

கொடைக்கும் கல்யாணத்துக்கும்

நோட்டீஸ் காரணம் சொல்வதற்குச் சுலபம், காகிதம் இருக்கிறது. ஊர்க் கொடை, தங்கை கல்யாணம், வளைகாப்பு என்று வரும்போதுதான் நா எழாது. திருநெல்வேலிப் பக்கம் போய்த் திரும்ப ரயிலிலேயே மூன்று நாள் போய்விடும். கொடையும் சேர்ந்தால் ஒரு வாரம்.

இப்படிப்பட்ட காரியங்களுக்குச் சேரும் தேதியைத் தள்ளுவதைவிட, சொன்ன தேதியில் சேர்ந்துவிட்டு, நடுவில் அந்த ஐந்தாறு நாளுக்குச் சம்பளமில்லாத லீவை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்வது பல இடங்களில் எளிதாக நடக்கும். நாற்காலி நிரம்பிவிட்டது என்பதே கம்பெனிக்கு நிம்மதி. ஆனால் சேர்ந்த முதல் வாரமே பயிற்சி இருந்தால் இது ஒத்துவராது. அப்போது ‘பயிற்சி எப்போது ஆரம்பம்?’ என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு தேதியைச் சொல்லவேண்டும்.

கல்யாணத்துக்காகத் தள்ளிக் கேட்டால், அழைப்பிதழும் ரயில் டிக்கெட்டும் துணைக்கு வரும். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஆபர் வருவதற்கு முந்திய தேதியில் போக வர எடுத்த டிக்கெட், இது இப்போது கண்டுபிடித்த சாக்கு அல்ல என்பதைக் காட்டிவிடும். திரும்பும் டிக்கெட் எந்த நாளுக்கோ, அதற்கு இரண்டு நாள் கழித்துச் சேரும் தேதியைச் சொல்வது நல்லது. மழைக்காலத்தில் மலைப்பாதையில் வண்டி தாமதமாவது நம்மவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

சர்க்கார் உத்தியோகம் என்றால்

சர்க்கார் வேலையில் கதை வேறு. இங்கே முகம் பார்த்து நம்புவதற்கு ஆள் இல்லை; விதி இருக்கிறது. மத்திய அரசின் பணியாளர் துறை 1995 ஆகஸ்ட் 9-ம் தேதி போட்ட உத்தரவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. நியமன உத்தரவில் சேரவேண்டிய கெடு குறிப்பிடப்படும். அந்தக் கெடுவுக்குள் சேராவிட்டால் உத்தரவு தானாகவே காலாவதி. கெடு முடிவதற்குள் விண்ணப்பித்தால், காரணம் திருப்தியாக இருந்தால், மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். அதற்கு மேல் விசேஷக் காரணம் வேண்டும். எப்படியானாலும் முதல் உத்தரவின் தேதியிலிருந்து ஆறு மாதத்தைத் தாண்டக்கூடாது.

இதில் கவனிக்கவேண்டியது, ஆறு மாதம் எண்ணப்படுவது உத்தரவு போட்ட தேதியிலிருந்து என்பது. ஜனவரி 10-ம் தேதி போட்ட உத்தரவு, ஊர் விலாசத்துக்குப் போய், அங்கிருந்து தாராவிக்கு வந்து, பிப்ரவரியில் கைக்குக் கிடைத்தாலும், கடைசி எல்லை ஜூலை 10-ஐ ஒட்டித்தான். கெடு முடிந்த பிறகு ‘தபால் லேட்’ என்று எழுதுவதற்கும், கெடுவுக்குள் எழுதுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதலாவது, செத்துப்போன உத்தரவை உயிர்ப்பிக்கக் கேட்பது. அது சாதாரணமாக நடப்பதில்லை. இரண்டாவது, உயிரோடு இருப்பதை நீட்டிக்கக் கேட்பது.

அடுத்த கேள்வி சீனியாரிட்டி. நீட்டிப்பு வாங்கி ஆறு மாதத்துக்குள் சேர்ந்தவருக்கு இந்த உத்தரவின்படி சீனியாரிட்டி குறையாது. தேர்வில் வாங்கிய இடம் அவருக்கே. காலாவதியான உத்தரவு மறுபடி உயிர்ப்பிக்கப்பட்டுச் சேர்ந்தால், தன் கூட்டத்தில் எல்லோருக்கும் கீழே. அதற்குள் அடுத்த வருடத் தேர்வுக்காரர்கள் சேர்ந்துவிட்டால் அவர்களுக்கும் கீழே.

ஆனால் ரயில்வேக்குப் போகிறவர்கள் இதை அப்படியே நம்பிவிடக்கூடாது. ரயில்வேயில் பல பதவிகளுக்கு முதலில் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். மத்திய ரயில்வேக்குப் புசாவலில் அப்படி ஒரு பள்ளி இருக்கிறது. ரயில்வே நிர்வாகக் கையேட்டின் 303-வது பத்தி, இப்படிப் பயிற்சிக்குப் போகிறவர்களின் சீனியாரிட்டியைப் பயிற்சி முடிவில் நடக்கும் பரீட்சையின் மார்க்கை வைத்து நிர்ணயிக்கிறது. ‘எந்தக் காரணத்துக்காகவும்’ பிந்திய பேட்ச்சில் சேருகிறவர், முந்திய பேட்ச்சில் தேறியவர்களுக்குக் கீழேதான் வருவார் என்றும் அது சொல்கிறது. நிர்வாகமே தன் வசதிக்காக ஒருவரைப் பிந்திய பேட்ச்சில் அனுப்பினால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. தானாகத் தேதி கேட்டுத் தள்ளிப்போனவருக்கு அது கிடையாது.

ஆகவே தங்கை கல்யாணத்துக்காகப் பத்து நாள் நீட்டிப்புக் கேட்கிறவர், அந்தப் பத்து நாளில் ஒரு பேட்ச் புறப்பட்டுவிடுகிறதா என்று பார்க்கவேண்டும். பத்து நாள்தானே என்று நினைத்தது, தன்னோடு தேறியவர் புரமோஷனில் எப்போதும் ஒரு படி முன்னால் நிற்பதில் போய் முடியலாம். நீட்டிப்பு விண்ணப்பத்தை எழுதுவதற்கு முன், நியமன உத்தரவில் கண்ட பர்சனல் பிரிவுக்குப் போய் இரண்டு கேள்வி கேட்கலாம். என் பெயர் எந்தத் தேதிப் பயிற்சியில் இருக்கிறது? அதற்கு அடுத்த பயிற்சி எப்போது? பயிற்சி அடுத்த மாதம் 20-ம் தேதி, கல்யாணம் 12-ம் தேதி என்றால், கவலையில்லாமல் 18 வரை நீட்டிப்புக் கேட்டு, விண்ணப்பத்தின் நகலில் ரப்பர் ஸ்டாம்பும் தேதியும் வாங்கிக்கொண்டு ஊருக்கு வண்டி ஏறலாம். பயிற்சி 14-ம் தேதி என்றால், முகூர்த்தம் முடிந்த கையோடு புறப்பட்டாலும் 14-ம் தேதி காலை புசாவலில் நிற்க முடியுமா என்று வண்டி நேரத்தை எடுத்துப் பார்க்கவேண்டும். முடியாது என்று தெரிந்தால், தாலி கட்டுவதைப் பார்க்கப் போவதா, பேட்ச்சில் நிற்பதா என்பதை வீட்டில் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசி, அதற்குப் பிறகு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடலாம்.